மூன்று செங்கல், ஒரு துடைப்பக்கட்டை
(சிறுசேரியில் உடற்கல்வி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



நம் பகுதியில் ஓ.எம்.ஆர். சாலை நெடுகிலும் உடற்பயிற்சிக் கூடங்கள் வந்துவிட்டன. நம் மேல்நிலை வகுப்பு மாணவர்களில் சிலர் மாலையில் அங்கே போய், முதல் நாளே எடைத் தட்டு மாட்டிய பார்பெல்லைத் தூக்கிப் பார்க்கிறார்கள். அதற்கு முன் நம் மைதானத்தில் ஒரு வெறும் கட்டையை வைத்து என்ன கற்றுக்கொடுக்க முடியும் என்பதைச் சொல்கிறேன். தரையிலிருந்து இடுப்பு வரை தூக்கும் பகுதியை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம். முதுகுக்குக் கேடு வருவது பெரும்பாலும் அங்கேதான்.

நீண்ட பிடியுள்ள துடைப்பத்தின் கட்டை போதும். ‘துடைப்பக்கட்டை’ என்றதும் வகுப்பு சிரிக்கும், சிரித்து முடியட்டும். முதலில் கட்டையை முதுகில் செங்குத்தாகப் பிடிக்கச் சொல்லுங்கள். பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடுவே, இடுப்பின் அடி எலும்பு ஆகிய மூன்று இடங்களிலும் கட்டை தொட வேண்டும். முழங்காலைச் சிறிதே மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிய வேண்டும். மூன்றில் ஓர் இடம் விலகினாலும் முதுகு வளைகிறது என்று பொருள். இதை மாணவரே உணர்ந்துகொள்வார்.

அடுத்து, கட்டையைத் தரையில் வைத்துத் தூக்கச் சொல்லாதீர்கள். போட்டியில் பயன்படும் பெரிய தட்டின் விட்டம் 45 செ.மீ. ஆகவே தண்டு தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் இருக்கும். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஸ்னாட்ச் முறையில் 149 கிலோ தூக்கியபோதும் தண்டு கிளம்பியது அந்த உயரத்திலிருந்துதான். நம் ஊர்ச் செங்கல் சுமார் ஏழரை செ.மீ. கனம். இருபுறமும் மூன்று மூன்றாக அடுக்கினால் உயரம் சரியாக வந்துவிடும்.

கட்டை, ஷூ நாடாவின் முடிச்சுக்கு நேர் மேலே இருக்கட்டும். கைகள் முழங்காலுக்குச் சற்று வெளியே, மடங்காமல் இருக்கட்டும். தோள் கட்டையைவிடக் கொஞ்சம் முன்னால் வர வேண்டும். இப்போது கட்டையில் கரும்பலகைச் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு எழச் சொல்லுங்கள். அடர் நிற டிராக் பேண்டில் கணுக்காலுக்கு மேலிருந்து தொடை வரை வெள்ளைக் கோடு விழுந்தால், கட்டை உடலை ஒட்டி வந்திருக்கிறது.

பிளஸ் ஒன் மாணவி ஒருவருக்கு முழங்கால் வரை கோடு விழுந்தது, தொடையில் ஒன்றுமில்லை. பக்கவாட்டில் நின்று பார்த்தபோது காரணம் தெரிந்தது. அவருடைய இடுப்பு முதலில் எழுந்துவிட்டது; தோள் பின்தங்கியது; கட்டை முன்னால் ஆடியது. “முதுகால் தூக்காதே அம்மா, காலால் தரையை அழுத்து. அக்குளில் நோட்டுப் புத்தகத்தை இடுக்கிக்கொண்டதாக நினைத்துக்கொள்” என்றேன். கட்டை முழங்காலைத் தாண்டும் வரை முதுகின் சாய்வு மாறாமல் இருக்கிறதா என்று தோழி ஒருத்தி பக்கத்தில் நின்று பார்த்துச் சொன்னாள். அடுத்த வாரம் கோடு தொடை வரை வந்தது.

கட்டை 10 செ.மீ. விலகினால் என்ன ஆகிவிடும் என்று அவர் கேட்டார். இயற்பியலில் படித்த திருப்பு விசையைக் கணக்கிடச் சொன்னேன். 20 கிலோ தண்டு 10 செ.மீ. கூடுதலாக விலகினால் இடுப்பின் மீது ஏறக்குறைய 20 நியூட்டன் மீட்டர் கூடுகிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைக்காமல் கையை நீட்டிச் சுமப்பதைப் போன்றது அது.

ஆனால் கட்டைக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்கு எடை இல்லாததால், கையை மடக்கி இழுத்தாலும் வந்துவிடும். அவசரமாக எழுந்தாலும் தவறு தண்டனை பெறாது. அதனால் மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாக எழ வைத்து, முழங்கால் அருகே ஒரு நொடி நிறுத்துங்கள்.

கட்டையிலிருந்து நேராகத் தண்டுக்குப் போவதும் பெரிய தாவல். தட்டில்லாத தண்டே ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15 கிலோ. இடையில் இரண்டு மீட்டர் நீள, முக்கால் அங்குல ஜி.ஐ. குழாயைக் கொடுங்கள். எடை சுமார் மூன்று கிலோ. கனமும் தண்டின் கனத்துக்கு நெருக்கமானது.

நான் வைத்திருக்கும் விதி எளியது. ஐந்து முறை தொடர்ந்து பிழையின்றி, மூன்று வெவ்வேறு வகுப்புகளில் செய்தவருக்கே அடுத்த படி. வெறும் தண்டுக்கு வந்தபின் செங்கல் வேண்டாம், உடைந்து தெறிக்கும். அதே உயரத்துக்கு மரக்கட்டைகளை அடுக்குங்கள். சிறிய தட்டு மாட்டிய பிறகும் அவற்றை எடுத்துவிடாதீர்கள். இரண்டரைக் கிலோ தட்டின் விட்டம் குறைவு. தரையில் வைத்தால் தண்டு தாழ்ந்துபோகும். மூன்று வகுப்புகளில் நேராக்கிய முதுகு அங்கே மறுபடியும் வளையும்.

நாற்பது பேர் வகுப்பில் மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள்: ஒருவர் தூக்க, ஒருவர் பக்கவாட்டில் பார்க்க, ஒருவர் சாக்பீஸ் கோட்டைச் சரிபார்க்க. பார்க்கத் தெரிந்த மாணவர் வெளியே எந்தக் கூடத்துக்குப் போனாலும், தன் தண்டு உடலைவிட்டு விலகுவதைத் தாமே கண்டுகொள்வார்.