யாருக்காக யார் கதவைத் தட்டலாம்?
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் சட்டத்துறையிலுள்ள பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)



சட்டம் படித்த எங்களிடம் நீங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இப்படி ஓர் அநியாயம் நடக்கிறதே, யாராவது வழக்குப் போட முடியாதா?" இந்த "யாராவது" என்ற சொல்லைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

பழைய சட்டத்தில் அதற்கு இடமில்லை. காணியைப் பறிகொடுத்தவர்தான் காணிக்காக வழக்கிடலாம், அடிபட்டவர்தான் அடிக்காக வழக்கிடலாம். அயலவர் வந்தால், "உமக்கு இதில் என்ன?" என்று நீதிமன்றம் கேட்கும். இந்த விதி ஒரு காரணத்தோடுதான் வந்தது. வீண் வம்புக்காரரையும் பிறர் விடயத்தில் தலையிடுபவரையும் அது வெளியே நிறுத்தியது. ஆனால் வாய்திறக்க முடியாதவரையும் அதே விதி வெளியே நிறுத்திவிட்டது.

இந்தியாவில் இந்தக் கதவைத் தட்டியவர்களில் முன்னோடி ஒரு பெண் சட்டத்தரணி, கபிலா ஹிங்கோரானி. பீகார்ச் சிறைகளில் விசாரணையே இன்றி ஆண்டுக்கணக்காகக் கிடந்தவர்களைப் பற்றி 1979இல் அவர் பத்திரிகையில் படித்தார். குற்றம் நிரூபிக்கப்பட்டாற்கூடக் கிடைக்கக்கூடிய தண்டனையைவிடக் கூடுதலான காலம் உள்ளே இருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் எவரும் அவருடைய உறவினர் அல்லர், அவரிடம் வழக்கை ஒப்படைத்தவர்களும் அல்லர். ஆயினும் இந்திய உச்ச நீதிமன்றம் அவருடைய மனுவை ஏற்றது, பெருந்தொகையானோர் விடுதலையானார்கள். பின்னர் 1981இல் நீதியரசர் பகவதி இதை ஒரு கொள்கையாகவே எழுதினார். வறுமையாலோ இயலாமையாலோ நீதிமன்றத்துக்கு வரமுடியாதவருக்காக, நல்லெண்ணத்தோடு வரும் எவரும் வழக்கிடலாம் என்பதே அது.

எங்கள் நாட்டில் இது அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. காரணம், எங்கள் அரசியலமைப்பின் வாசகம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம் என்று 126ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆனால் பாதிக்கப்பட்டவர் "தாமாகவோ அல்லது தம் சார்பில் ஒரு சட்டத்தரணி மூலமாகவோ" ஒரு மாதத்துக்குள் மனுச் செய்யவேண்டும் என்பது அதன் இரண்டாம் பந்தி. யார் வரலாம் என்பதை இந்தியாவின் 32ஆம் உறுப்புரை இப்படிக் குறிப்பிடவில்லை. அதனால் அங்கே நீதியரசர்களுக்குக் கை அகலமாக இருந்தது.

1990இல் இந்த வாசகத்தின் கடுமை வெளிப்பட்டது. தடுத்து வைக்கப்பட்ட கணவருக்காக மனைவி மனுச் செய்தார். பெரும்பான்மை நீதியரசர்கள், வாசகம் தெளிவாக இருக்கிறது, அவரோ அவருடைய சட்டத்தரணியோதான் வரலாம், மனைவி வரமுடியாது என்று தீர்த்தார்கள். நீதியரசர் குலதுங்க மட்டும் மாறுபட்டார். மறியலில் இருப்பவர் தாமாக எப்படி வருவார்? சட்டத்தரணியைக் காண அனுமதி கிடைப்பதற்குள் அந்த ஒரு மாதம் போய்விட்டால் என்ன செய்வது? வெளியே ஓடித்திரிபவர் பெரும்பாலும் தாயோ மனைவியோதான். அவர் கையொப்பம் செல்லாது என்றால், உரிமை கடதாசியில்தான் இருக்கும்.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின் இதைவிடக் கடினமான கேள்வி வந்தது. களுத்துறை மாவட்டத்தில் பொலிஸார் ஒருவரைப் பிடித்துத் தடுத்து வைத்திருந்தார்கள். சித்திரவதைக்கு உள்ளான அவர், பின்னர் விளக்கமறியலில் இருந்தபோது இறந்துபோனார். அவருடைய மனைவி உயர் நீதிமன்றம் வந்தார். எதிர்த்தரப்பு பூர்வாங்க ஆட்சேபனை எழுப்பியது. உரிமை மீறப்பட்டவர் இறந்துவிட்டார், இறந்தவர் தாமாக வரமுடியாது, சட்டத்தரணியை நியமிக்கவும் முடியாது, ஆகவே மனுவைத் தள்ள வேண்டும் என்றது.

இந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். அடித்து உயிரோடு விட்டால் அடித்தவர்கள் பதில் சொல்லவேண்டும். அடித்துச் சாகவிட்டால் அடிப்படை உரிமை வழக்கில் பதில் சொல்லத் தேவையில்லை.

2002இல் அந்த ஆட்சேபனையை நிராகரித்து எழுதியவர் எங்கள் உயர் நீதிமன்றத்தின் முதற் பெண் நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க. 126ஐத் தனியே வாசிக்கக்கூடாது, உரிமை மீறலுக்குப் பரிகாரம் தரும் 17ஆம் உறுப்புரையோடும், அடிப்படை உரிமைகளை அரசின் எல்லா அங்கங்களும் மதித்துக் காக்கவேண்டும் என்ற 4ஆம் உறுப்புரையோடும் சேர்த்து வாசிக்கவேண்டும் என்றார். சித்திரவதையால் ஒருவர் இறந்தால் வழக்கிடும் உரிமை அவருடைய வாரிசுகளுக்கும் தங்கியிருப்போருக்கும் சேரும் என்பது முடிவு. அடுத்த ஆண்டு இறுதித் தீர்ப்பில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ இன்னொரு படி ஏறினார். நீதிமன்றக் கட்டளையின்றி எவரும் மரண தண்டனைக்கு உட்படுத்தப்படலாகாது என்ற 13(4)ஆம் உறுப்புரைக்குள் உயிர்வாழும் உரிமை அடங்கியிருக்கிறது என்றார். வாசகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வாசித்த விதம்தான் மாறியது.

இங்கே வந்தவர் இறந்தவரின் மனைவி. ஊரே பாதிக்கப்படும்போது யார் வருவது? அதற்கு விடை 2000ஆம் ஆண்டின் எப்பாவல வழக்கில் இருக்கிறது. அனுராதபுர மாவட்டத்தில் உள்ள பொசுபேற்றுப் படிவை வெளிநாட்டு நிறுவனத்தின் பங்களிப்போடு முப்பது ஆண்டுகள் தோண்டி எடுக்க அரசு ஒப்பந்தம் செய்ய இருந்தது. வயலும் வீடும் இழக்க இருந்த அவ்வூரவர் எழுவர் மனுச் செய்தார்கள். இது பொதுநல வழக்கு, 126இல் அதற்கு இடமில்லை என்று ஆட்சேபித்தார்கள். நீதியரசர் அமரசிங்க அதை ஏற்கவில்லை. இவர்கள் தங்கள் சொந்த உரிமைக்காக வந்திருக்கிறார்கள், அதே உரிமை எல்லாப் பிரஜைகளுக்கும் உண்டு என்பதால் இவர்களுடையது இல்லாமற் போய்விடாது என்பது அவர் நிலைப்பாடு. முழுமையான ஆய்வும் சட்டப்படியான சுற்றாடல் தாக்க மதிப்பீடும் முடியும்வரை ஒப்பந்தம் செய்யக்கூடாது என்று கட்டளை பிறந்தது.

ஆகவே, சகோதரிகளே, உங்கள் கேள்விக்கு எங்கள் விடை இதுதான். எங்கள் நாட்டில் "யாராவது" என்பதற்கு இன்னமும் முழு இடமில்லை. எப்பாவலவில் கதவு திறந்தது அந்த எழுவரும் அவ்வூர் மண்ணில் நின்றதால். பாதிக்கப்பட்டவரில் ஒருவரையாவது முன்னே நிறுத்த முடிந்தால், அவரோடு ஊரின் வழக்கும் உள்ளே போகும். உங்களிடம் யாரேனும் ஓடிவந்தால், முதலில் அந்த ஒருவரைத் தேடுங்கள்.

அடுத்து, எதிரே நிற்பது அரசின் நிருவாகச் செயலா என்று பாருங்கள். தனியார் ஒருவரின் குற்றத்துக்கு 126 உதவாது. கடைசியாக நாட்காட்டியைப் பாருங்கள். எத்தனையோ நல்ல வழக்குகள் அந்த ஒரு மாதத்தில்தான் இறந்துபோகின்றன. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. விசாரணை நடக்கிறது என்பதைக் காட்டும் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்திருங்கள்.

1990இல் திருப்பி அனுப்பப்பட்ட அந்த மனைவிக்கு 2002ஆம் ஆண்டின் தீர்ப்பு உதவவில்லை. அவருக்குப் பின் வந்தவருக்கு உதவியது.