நம் பூங்காவில் இருப்பது மஞ்சள் கரிசலாங்கண்ணியா?
(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

போன மாதம் பி பிளாக் மாமி ஒருவர், நடைபாதை ஓரம் படர்ந்திருக்கும் மஞ்சள் பூச்செடியிலிருந்து ஒரு கைப்பிடி இலை பறித்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "மஞ்சள் கரிசலாங்கண்ணி, துவையலுக்கு" என்றார். அங்கே பூச்சிமருந்து அடிப்பது அவருக்குத் தெரியாது. அது ஒருபக்கம் இருக்கட்டும், செடியே வேறு. அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

கரிசலாங்கண்ணியைச் சில ஊர்களில் கரிசாலை என்பார்கள், சில ஊர்களில் கையாந்தகரை என்பார்கள். கேரளத்திலிருந்து வந்த நம் குடும்பங்கள் கையோன்னி என்பார்கள். மூன்றும் ஒரே செடிதான். வரப்பிலும் ஈரமான இடத்திலும் முளைக்கும், பூ சின்னதாக வெள்ளையாக இருக்கும். இலையைக் கசக்கினால் சாறு கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். தாவரவியலில் இதன் பெயர் எக்லிப்டா புரோஸ்ட்ராட்டா. பழைய புத்தகங்களில் எக்லிப்டா ஆல்பா என்றிருக்கும். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் powo.science.kew.org தளத்தில் Eclipta alba என்று தட்டிப் பாருங்கள். அது பழைய பெயர், இப்போது ஏற்கப்பட்டது Eclipta prostrata என்று காட்டும்.

குழப்பம் மஞ்சளில்தான். சித்த மருத்துவம் சொல்லும் மஞ்சள் கரிசலாங்கண்ணி, அதாவது பொற்றலைக் கையாந்தகரை, வேறொரு செடி. புத்தகங்களில் வெடேலியா சைனென்சிஸ் என்றிருக்கும். இன்றைய பெயர் ஸ்பாக்னெட்டிகோலா கேலண்டுலேசியா. நம் தோட்டக்காரரும் நடைபாதைச் செடியை 'வெடேலியா' என்றுதான் சொல்கிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் அவருடையது ஸ்பாக்னெட்டிகோலா டிரைலொபேட்டா, அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து அழகுக்காக வந்தது. பேரினப் பெயர் ஒன்று, இரண்டாம் சொல் வேறு. பாதிப் பெயரை வைத்துக்கொண்டு முடிவு செய்தால் இப்படித்தான் ஆகும். சில நர்சரிகளிலும் இதையே கீரை என்று கொடுத்துவிடுகிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பூவைப் பார்த்தால் போதாது, இரண்டும் மஞ்சள். இலையைப் பாருங்கள். டிரைலொபேட்டா என்றாலே மூன்று மடல் என்று பொருள். பளபளப்பான இலையின் இரு பக்கமும் ஒவ்வொரு மடல் பிதுங்கி நிற்கும். எல்லா இலையிலும் அது தெளிவாக இருக்காது, அதனால் ஒரு இலையோடு நிறுத்தாமல் பத்து இலையாவது பாருங்கள். மருந்துச் செடியின் இலை குறுகலாக, சொரசொரப்பாக இருக்கும், பக்க மடல் கிடையாது.

அன்று மாமியுடன் உட்கார்ந்து அவர் பறித்த இலைகளைப் பரப்பினோம். பாதிக்கு மேல் மூன்று மடல். "எங்க ஊர்ல இதைத்தானே சொல்வாங்க" என்றார். அவர் ஊரில் சொன்ன பெயர் சரி, காட்டிய செடிதான் இதுவல்ல.

வீட்டுத் தொட்டியில் வளர்க்கிறவர்கள் பூவோடும் இலையோடும் ஒரு கிளையைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்க்கலாம். வெறும் தளிரை மட்டும் கொண்டுவந்தால் என்னாலும் சொல்ல முடியாது.