சோதனைக்கு இடந்தரும் நூல்கள்



தியானம் பற்றிய நூலொன்றை ஆர்வத்தோடு எடுக்கும் வாசகர் பலர், பத்துப் பக்கங்களுக்குள் அதனை மூடிவிடுகின்றனர். ‘பிரபஞ்ச சக்தி’, ‘அதிர்வலை’, ‘உயர் உணர்வுநிலை’ ஆகிய சொற்கள் அங்கே அடுக்கடுக்காய் வருகின்றன. சொற்கள் கடினமானவை என்பதன்று அவ்வாசகரின் குறை. அவை குறிக்கும் பொருள் உண்டா, இல்லையா எனச் சோதித்தறிய வழியில்லை என்பதே. சோதனைக்கு இடந்தரும் நூல்கள் இரண்டு இவ்வுரையில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

முதலாவது, ஹெர்பர்ட் பென்சன் 1975இல் வெளியிட்ட ‘தி ரிலாக்ஸேஷன் ரெஸ்பான்ஸ்’. பென்சன் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த இதய மருத்துவர். குருதியழுத்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்த அவரிடம், மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியானத்தைப் பயின்றோர் சிலர் வந்து, தம்மைச் சோதித்துப் பார்க்குமாறு வேண்டினர். முதலில் மறுத்தவர் பின்னர் இசைந்தார். தியானத்தின்போது அவர்களுடைய உயிர்வளி நுகர்வும் இதயத் துடிப்பும் மூச்சின் எண்ணிக்கையும் குறைந்தன. ராபர்ட் கீத் வாலஸும் அவரும் 1972இல் எழுதிய கட்டுரை இதனை எடுத்துரைத்தது.

பென்சனின் சிறப்பு இதற்குப் பின் அவர் எழுப்பிய வினாவில் உள்ளது. குருவும் இரகசிய மந்திரமும் நீக்கப்பட்டால் எஞ்சுவது யாது? நான்கு கூறுகள் எஞ்சும் என்றார் அவர்: அமைதியான இடம், வசதியான இருக்கை, மனத்தை நிறுத்த ஒரு சொல், வரும் எண்ணங்களைப் பொருட்படுத்தாத போக்கு. கண்களை மூடி, பாதம் முதல் முகம் வரை தசைகளைத் தளர்த்தி, மூக்கின் வழி மூச்சு விடும்போதெல்லாம் ‘ஒன்று’ என மனத்துள் சொல்ல வேண்டும். பத்து முதல் இருபது நிமிடங்கள் போதும். உணவு உண்ட இரண்டு மணி நேரத்திற்குள் கூடாது. மந்திரம் இருந்த இடத்தில் ஓர் எண்ணுப்பெயர் அமர்ந்துவிட்டது.

இத்துணைத் தெளிவாகச் சொல்லப்பட்டமையால்தான் இக்கூற்றை மறுத்துப் பார்க்கவும் முடிந்தது. உளவியலாளர் டேவிட் ஹோம்ஸ் 1984இல் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினார். தியானம் செய்தோரின் உடற்கிளர்ச்சி, சும்மா இளைப்பாறியோரினும் மிகுதியாகத் தணிந்ததற்குச் சான்றில்லை என்பது அவர் முடிவு. 2014இல் 47 ஆய்வுகளையும் 3,515 பேரையும் உள்ளடக்கி வெளிவந்த மருத்துவத் தொகுப்பாய்வு, விழிப்புணர்வுத் தியானத்தால் பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவை ஓரளவு குறைவதைக் கண்டது. எனினும் உடற்பயிற்சி, மருந்து முதலியவற்றை அது விஞ்சவில்லை. ஒரு சொல்லை ஓதும் தியானத்திற்கோ போதிய சான்று கிட்டவில்லை. ஆகவே பென்சனின் நூலைப் படித்துக் குருதியழுத்த மாத்திரையை நிறுத்துவது பிழையாகும்.

வாசகர் இச்சோதனையைச் சிறிய அளவில் தாமே செய்யலாம். ஒரு வாரம் நாள்தோறும் பதினைந்து நிமிடம் ‘ஒன்று’ என்னும் சொல்லுடன் அமர்க. மறுவாரம் அதே நேரம், அதே நாற்காலியில் சொல்லின்றிக் கண்மூடி அமர்க. ஒவ்வொரு நாளும் அமருமுன்னும் எழுந்தபின்னும் நாடித்துடிப்பைக் குறித்துக்கொள்க. இரு வாரக் குறிப்புகளும் ஒத்திருந்தால், பயன் ஓய்வால் வந்ததாகலாம். ஒருவரின் குறிப்பு பொதுவிதி ஆகாது. ஆயினும் கேட்டதை நம்புவதினும் அது மேலானது.

இரண்டாவது நூல் தத்துவம் சார்ந்தது. டேவிட் ஹியூம் 1739இல் வெளியிடத் தொடங்கிய ‘எ ட்ரீட்டிஸ் ஆஃப் ஹியூமன் நேச்சர்’ அது. ‘நான்’ என்பது யாது என்னும் வினாவிற்கு ஹியூம் எந்த மறைபொருளையும் துணைக்கழைக்கவில்லை. தம்முள் நோக்கினார். வெம்மை, தண்மை, இன்பம், துன்பம், அன்பு, வெறுப்பு என மாறிமாறி வரும் உணர்வுகளே தென்பட்டன. அவற்றுக்கு உரிமையாளராகிய ‘நான்’ தனியே அகப்படவில்லை. கண்மூடி அமர்ந்திருக்கும் வாசகரும் இதே தேடலைச் செய்து பார்க்கலாம். ஒன்று கருதத்தக்கது: தேடியது கிடைக்கவில்லை என்பதும், அது இல்லை என்பதும் வேறு வேறு. ஹியூமுக்கும் இடர்ப்பாடு தோன்றியது. சிதறிய உணர்வுகள் ஒரே மனமாக இணைவது எவ்வாறு என்பதற்குத் தாம் தந்த விளக்கம் தமக்கே நிறைவளிக்கவில்லை என 1740இல் சேர்த்த பிற்சேர்க்கையில் ஒப்புக்கொண்டார்.

பென்சனும் இறுதிவரை ஒரே நிலையில் நிற்கவில்லை. 1996இல் எழுதிய நூலில், இறைநம்பிக்கை மனித உடலமைப்பிலேயே பொருந்தியுள்ளது என வாதிட்டார். 1975இன் செய்முறையை ஏற்பவர் இதனையும் ஏற்கவேண்டும் என்பதில்லை. ஆசிரியரைக் கொண்டு நூலை மதிப்பிடாது, கூற்றைக் கூற்றாகப் பிரித்து நோக்கும் உரிமை வாசகருக்கு உண்டு.

எனவே புதிதாய் ஒரு நூலைக் கையிலெடுப்பவர் மூன்றினைத் தேடலாம்: செய்யவேண்டியது இன்னதெனத் தெளிவாகக் கூறப்பட்டுள்ளதா? எது நிகழ்ந்தால் கூற்றுப் பொய்யாகும் என்பது விளங்குகிறதா? தமக்குத் தெரியாத இடத்தை ஆசிரியர் ஒப்புக்கொள்கிறாரா? இம்மூன்றும் உள்ள நூலில் ‘ஆன்மா’ என்னும் சொல் வந்தாலும் வாசகர் அஞ்ச வேண்டுவதில்லை. அச்சொல்லை நிறுத்திக் கேள்வி கேட்க அந்நூலே இடந்தரும்.