பாதி கறுத்த வட்டம்



உயர்தர வகுப்பில் எங்கள் உயிரியல் ரீச்சர் கரும்பலகையில் கீறிய வம்சவழிப் படம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நோயுள்ள ஆணுக்குக் கறுத்த சதுரம். நோயைக் கடத்தினாலும் தனக்கு ஒன்றும் இல்லாத பெண்ணுக்குப் பாதி கறுத்த வட்டம். அந்த வட்டத்தை எல்லா நோய்க்கும் நம்பக்கூடாது என்று எனக்கு விளங்கியது, இங்கிலாந்தில் சிறுநீரகப் பிரிவில் வேலை செய்தபோதுதான்.

அங்கே வந்த ஒரு பெண்ணுக்கு வயது 42. சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்தது. நீரிழிவும் இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை. தகப்பனார் ஐம்பது வயதளவில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தவர். துருவிக் கேட்டபோது, சிறுவயதில் காய்ச்சல் வந்தால் கையும் காலும் நெருப்பாய் எரியும் என்றும், தனக்கு அதிகம் வியர்ப்பதில்லை என்றும் சொன்னார்.

ஃபேப்ரி நோய் என்று சந்தேகித்தோம். இதில் ஒருவகைக் கொழுப்பை உடைக்கும் அல்ஃபா கலக்டோசிடேஸ் என்ற நொதியம் குறைவு. உடையாத கொழுப்பு சிறுநீரகம், இதயம், நரம்பு ஆகியவற்றின் கலங்களில் ஆண்டுக்கணக்காகத் தேங்கும். ஆனால் அவருடைய இரத்தத்தில் நொதிய அளவு சாதாரணமாகவே இருந்தது. ஓர் ஆணுக்கு அப்படி வந்தால் அந்த நோயை விட்டுவிடலாம். பெண்ணுக்கு விடமுடியாது. பெண்ணின் ஒவ்வொரு கலத்திலும் இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்களில் ஒன்று உறங்கிவிடும். நல்லது உறங்கிய கலத்தில் கொழுப்பு தேங்கும், பக்கத்துக் கலம் சுகமாயிருக்கும். இரத்தம் நன்றாயிருக்க, சிறுநீரகம் பழுதாகலாம்.

சிறுநீரகத்தில் சிறு துண்டு எடுத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தோம். கலங்களுக்குள் வரிக்குதிரையின் கோடுகள் போலக் கொழுப்பு அடுக்கடுக்காய் இருந்தது. மரபணுப் பரிசோதனை உறுதி செய்தது. இதயச் சுவரும் தடித்திருந்தது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாளத்தினூடாக நொதியம் ஏற்றத் தொடங்கினோம். கிலோவுக்கு ஒரு மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள அவருக்கு 60 மில்லிகிராம். முதல் தடவைகளில் குளிரும் நடுக்கமும் வந்ததால் மெதுவாக ஏற்றினோம். ஏற்றும் நொதியம் புதிய தேக்கத்தைத் தடுக்கும். ஏற்கெனவே தழும்பான பகுதியை மீட்காது. புரதக் கசிவைக் குறைக்க வேறு மாத்திரையும் கொடுத்தோம்.

அவருக்கு ஒரு தங்கையும் ஒரு தம்பியும் இருந்தார்கள். தகப்பனின் எக்ஸ் மகள்மாருக்கு மட்டுமே போவதால், தம்பிக்கு வர வழியில்லை. தங்கைக்கோ அந்த மரபணு நிச்சயம் இருக்கும். அவரோ, "நான் கடத்துபவள் மட்டும்தானே" என்று பரிசோதனைக்கு வராமல் இருந்தார். பல வருடங்களுக்கு முன் ஒரு வைத்தியர் அவருக்கு அப்படிச் சொல்லியிருந்தாராம். அவருடைய சிறுநீரைச் சோதித்தபோது அதிலும் புரதம் இருந்தது. 12 வயதான அவர் மகன், கால் எரிகிறது என்று விளையாட்டுப் பாடத்துக்குப் போகாமல் நிற்பானாம். வீட்டில் அதைச் சாட்டு என்றே நினைத்திருந்தார்கள். அடுத்த கிழமை இருவருக்கும் இரத்தம் எடுத்தோம்.