மூன்றுக்கு இருபது: பென்டாமினோப் பலகையில் மூலைகளும் முரட்டுத் துண்டுகளும்



கணிதம் கற்பித்தே வாழ்நாளைக் கழித்த ஓர் ஆசிரியரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. ஆகவே, கையில் எடுத்து அடுக்கிப் பார்க்கக்கூடிய ஒரு கணக்கை உங்கள் முன்னால் செய்து காட்டுவதே முறை என்று எண்ணினேன்.

சமமான ஐந்து சதுரங்களைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டினால் எத்தனை உருவங்கள் கிடைக்கும்? திருப்பியும் புரட்டியும் பார்த்து ஒன்றாகிவிடுபவற்றைக் கழித்தால் சரியாகப் 12. இவற்றைத்தான் பென்டாமினோ என்கிறோம். 1907இல் வெளிவந்த ஹென்றி டூடனியின் புதிர் நூலிலேயே இந்தப் பன்னிரண்டும் இருக்கின்றன. உடைந்த சதுரங்கப் பலகையை ஒட்டவைக்கும் புதிராக அவர் அதைக் கொடுத்தார். பெயர் சூட்டி, கணிதத் துறையாக வளர்த்தவர் அமெரிக்கரான சாலமன் கோலம்ப். 1953இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் கணித மன்றத்தில் பேசியபோது இவ்வகை உருவங்களை அவர் அறிமுகப்படுத்தினார். உருவ ஒற்றுமையை வைத்து ஆங்கில எழுத்துகளே துண்டுகளுக்குப் பெயராயின. எஃப், ஐ, எல், என், பி, டி, யூ, வி, டபிள்யூ, எக்ஸ், ஒய், இஸட் என்பவை அவை.

பன்னிரண்டு துண்டுகளுக்கும் சேர்த்து 60 கட்டங்கள். அவற்றை ஒரு செவ்வகத்தில் இடைவெளியின்றி அடுக்க வேண்டும். 6க்கு 10 பலகையில் 2339 விடைகள். 5க்கு 12இல் 1010, 4க்கு 15இல் 368. 3க்கு 20 பலகையில் இரண்டே இரண்டு. திருப்பினாலும் கண்ணாடியில் பார்த்தாலும் ஒன்றாகத் தெரிபவற்றை ஒன்றாகவே எண்ணிய கணக்கு இது.

2339 விடை இருக்கிறதே என்று எல்லோரும் 6க்கு 10இல்தான் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விடை பல இருந்தால் கை போன போக்கில் அடுக்கத் தோன்றும். பத்துத் துண்டு வரை சிக்கலே தெரியாமல் போய், கடைசி இரண்டில் நின்றுவிடும். எந்த இடத்தில் தவறினோம் என்பதை அப்போது பலகை சொல்லாது. இரண்டே விடை உள்ள குறுகிய பலகையோ ஒவ்வொரு படியிலும் காரணம் கேட்கும். காரணம் சொல்லிக்கொண்டு அடுக்கப் பழக அதுதான் நல்ல இடம்.

முதலில் ஒரு கேள்வி. முரட்டுத் துண்டு என்று எதைச் சொல்கிறோம்? எக்ஸ் துண்டை எப்படித் திருப்பினாலும் அது ஒரே நிலையில்தான் இருக்கும். பி துண்டுக்கு எட்டு நிலைகள் உண்டு. வெறும் 6க்கு 10 பலகையில் எக்ஸை வைக்க 32 இடங்கள்தான். பியை வைக்க 304 இடங்கள். அதோடு, எந்த மூலைக்கட்டத்தையும் நிரப்ப முடியாத துண்டு பன்னிரண்டில் எக்ஸ் ஒன்றுதான். மற்ற ஒவ்வொன்றுக்கும் மூலையில் பொருந்தும் முனை ஒன்றாவது இருக்கிறது. எக்ஸின் நான்கு கைகளுக்கும் இடையே நான்கு பள்ளங்கள் விழுகின்றன. அவற்றுக்குள் வேறு துண்டின் முனை நுழைந்தாக வேண்டும். இத்தனை தொல்லை உள்ள துண்டைக் கடைசிக்கு வைத்தால், அதற்கேற்ற சிலுவை வடிவப் பள்ளம் தானாக அமையப்போவதில்லை. பி அப்படியல்ல. கடைசி வரை கையில் வைத்திருக்கலாம்.

இன்னொரு விதியும் வேண்டும். துண்டு ஒவ்வொன்றும் ஐந்து கட்டம் என்பதால், பலகையில் தனியே வெட்டுப்பட்டு நிற்கும் காலியிடம் எதுவானாலும் அதன் கட்டங்களின் எண்ணிக்கை ஐந்தால் வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

இனி 3க்கு 20 பலகைக்கு வருவோம். மூன்று வரிசை, இருபது நெடுவரிசை. எக்ஸின் உயரமும் மூன்றுதான். ஆகவே அதன் நடுக்கட்டம் நடு வரிசையில்தான் விழும். மேல்கை கூரையைத் தொடும், கீழ்க்கை தரையைத் தொடும். அதாவது எக்ஸ் வைத்த கணமே பலகை இடம் வலமாக இரண்டாகப் பிளந்துவிடுகிறது. நடுக்கட்டம் இடமிருந்து இரண்டாம் நெடுவரிசையில் விழுந்தால் இரு மூலைகளும் ஒற்றைக் கட்டங்களாக அடைபடும், அது வீண். மூன்றாம் நெடுவரிசை என்றால்? முதல் நெடுவரிசையின் மூன்று கட்டம், இரண்டாவதில் மேலும் கீழுமாக இரண்டு, மொத்தம் ஐந்து. பொருந்துகிறது. எக்ஸை ஒவ்வொரு நெடுவரிசையாக வலப்புறம் தள்ளத் தள்ள இடப்பக்கக் காலியிடம் மும்மூன்றாகக் கூடும். 5, 8, 11, 14, 17, 20 என்று போகும்போது அடுத்து ஐந்தால் வகுபடுவது 20. அது எட்டாம் நெடுவரிசை. பிறகு 13ஆம் நெடுவரிசை, அதற்குப் பிறகு 18. வேறு இடமே இல்லை. 18 என்பது மூன்றின் கண்ணாடி உரு. 13 என்பது எட்டின் கண்ணாடி உரு. ஆக, அறுபது கட்டப் பலகையில் எக்ஸுக்கு உண்மையில் இரண்டே இருப்பிடங்கள்தான். ஒரு துண்டைக்கூட முயன்று பார்க்காமல், கூட்டல் கணக்கால் மட்டும் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். இந்தப் புதிரில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

எக்ஸை மூன்றாம் நெடுவரிசையில் நிறுத்துவோம். இடப்பக்கம் மீந்த ஐந்து கட்டங்களின் வடிவம் யூ. அதை வைத்தே தீர வேண்டும். இப்போது எக்ஸின் வலக்கை நான்காம் நெடுவரிசையின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேலும் கீழும் ஒவ்வொரு காலிக்கட்டம். இரண்டையும் ஒரே துண்டால் நிரப்ப யூ ஒன்றால்தான் முடியும்; அது ஏற்கெனவே போய்விட்டது. எனவே மேலுக்கு ஒரு துண்டு, கீழுக்கு வேறொரு துண்டு.

நீளமான ஐ துண்டை எங்கே வைப்பது? எக்ஸின் கையை ஒட்டி நடு வரிசையில், ஐந்து முதல் ஒன்பது வரை படுக்க வைத்தால் என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். அப்படி வைத்தால் மேல் வரிசையில் நான்கிலிருந்து ஒன்பது வரை ஒற்றைக் கட்ட அகலத்தில் ஒரு சந்து உண்டாகும். அதன் மூடிய முனையிலிருந்து தொடங்கும் துண்டு ஐந்து கட்டமும் நேராக ஓட வேண்டும். அப்படி ஓடக்கூடியது ஐ மட்டும்தான்; அதைத்தான் நடுவில் கிடத்திவிட்டோமே. ஆகவே ஐ இந்த இடத்தில் நடுவில் படுக்க முடியாது. மேல் சுவரையோ கீழ்ச் சுவரையோ ஒட்டிப் படுக்கலாம். கீழே நான்கு முதல் எட்டு வரை அதை வைத்து, மேலே பியை வைத்தால் வழி திறக்கிறது.

மறுமுனைக்கும் ஒரு கண் வேண்டும். இருபதாம் நெடுவரிசையின் மூன்று கட்டங்களையும் ஒரே துண்டு மூட வேண்டுமானால், ஓரத்தில் மூன்று கட்ட நேர்ச்சுவர் உள்ள துண்டாக அது இருக்க வேண்டும். யூ, வி, டி, பி ஆகிய நான்குக்குத்தான் அது உண்டு. யூவும் பியும் செலவாகிவிட்டன. டியைக் குத்தினால் அதன் கால் உள்ளே நீண்டு, எக்ஸின் கையைப் போலவே மேலும் கீழும் சந்து உண்டாக்கும். வி ஒரு மூலையை முழுதாக விழுங்கிவிட்டு, மறுபக்கத்தைத் திறந்து வைக்கிறது. முழு விடை இதோ. யூ, எக்ஸ், பி, ஐ, எல், என், எஃப், டி, டபிள்யூ, ஒய், இஸட், வி என்ற வரிசையில் துண்டுகளுக்கு 1 முதல் 12 வரை எண் கொடுத்திருக்கிறேன்.

```
 1  1  2  3  3  3  5  5  5  5  7  8  8  8  9  9 11 12 12 12
 1  2  2  2  3  3  5  6  6  7  7  7  8  9  9 10 11 11 11 12
 1  1  2  4  4  4  4  4  6  6  6  7  8  9 10 10 10 10 11 12
```

இதில் 5 முதல் 11 வரையுள்ள ஏழு துண்டுகளை மட்டும் பாருங்கள். மேல் வரிசையில் அவை 7ஆம் நெடுவரிசை முதல் 17 வரை பரவியிருக்கின்றன. நடுவில் 7 முதல் 19 வரை. கீழே 9 முதல் 19 வரை. 11, 13, 11 என்று 35 கட்டங்கள். இந்த உருவத்தை அப்படியே அரைச்சுற்றுத் திருப்பினால் அதே பள்ளத்தில் மறுபடி அமர்ந்துகொள்ளும். ஏழு துண்டுகளையும் கலையாமல் ஒருசேரத் தூக்கித் திருப்பி வையுங்கள். அதுதான் இரண்டாவது விடை. எக்ஸை எட்டாம் நெடுவரிசையில் நிறுத்தும் வழியில் விடையே கிடையாது.

கணினியைக் கொண்டு தேடியவர்களும் இப்படித்தான் நடந்துகொண்டார்கள். 1958இல் டேனா ஸ்காட், நடுவில் நான்கு கட்டம் நீக்கிய 8க்கு 8 பலகையை மேனியாக் என்ற கணினியில் ஓட்டினார். சமச்சீரான இடங்களை ஒன்றாகக் கொண்டால் எக்ஸுக்கு மூன்றே இருப்பிடங்கள் என்று முதலில் கண்டு, அதிலிருந்து தேடலைத் தொடங்கினார். சுமார் மூன்றரை மணி நேரத்தில் 65 விடைகள் வந்தன. 6க்கு 10இன் 2339ஐ 1960இல் ஹேசல்குரோவ் இணையர் கணினியில் எண்ணினார்கள். 2000இல் டொனால்ட் நூத் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் முறையில், ஒவ்வொரு படியிலும் இரண்டு வகைக் கேள்விகள் ஒன்றாக எழுகின்றன. இந்தக் கட்டத்தை எத்தனை வழியில் நிரப்பலாம்? இந்தத் துண்டை எத்தனை இடத்தில் வைக்கலாம்? 60 கட்டமும் 12 துண்டுமாக 72 கேள்விகள். எதற்கு விடை மிகக் குறைவோ அதை முதலில் தீர்க்க வேண்டும். மூலைக்கட்டமும் எக்ஸும் முன்னால் வருவது இதனால்தான்.

6க்கு 10 பலகையிலும் இதே கண்ணோடு நுழையலாம். எக்ஸின் நடுக்கட்டத்தை இரண்டாம் வரிசை, மூன்றாம் நெடுவரிசையில் வையுங்கள். மேல் வரிசையின் இரண்டாம் கட்டத்துக்கு இப்போது வலப்புறமும் கீழ்ப்புறமும் எக்ஸ். வெளியேற மூலை வழியாகத்தான் முடியும். மூலைக்குப் போனால் இடச்சுவரை ஒட்டிக் கீழே இறங்க வேண்டும். மூன்றாம் வரிசையை அடைந்தபோது நான்கு கட்டம் ஆகிவிட்டது. ஐந்தாவது இன்னும் கீழே என்றால் எல், வலப்புறம் என்றால் யூ. மூன்றாவது வழி இல்லை. எல் துண்டை அங்கே செலவழிக்க மனமில்லை என்றால் யூ. அடுத்து டபிள்யூ, எஃப், டி, இஸட் ஆகியவற்றை, இடக்கோடியிலிருந்து நகர்ந்துகொண்டே, முன்பு வைத்தவற்றின் பற்களுக்குள் பொருத்துங்கள். காலியிடத்தின் முகப்பு முடிந்தவரை நேர்க்கோடாக இருக்கட்டும். பலகையின் நடுவில் தீவுபோல ஒரு துண்டை வைத்துவிட்டால், நாற்புறமும் புதிய மூலைகளை நீங்களே உண்டாக்கிக்கொண்டவர்கள் ஆவீர்கள்.

கடைசியில் பி, எல், ஒய் போன்ற மூன்று கையில் இருக்க, 15 கட்டக் காலியிடம் மிஞ்சும். அது நிரம்பாவிட்டால் எல்லாவற்றையும் கலைக்க வேண்டாம். கடைசியாக வைத்த துண்டை மட்டும் எடுத்து, 20 கட்டப் பள்ளமாக்கி, அதில் மிகக் குறுகலான கட்டம் எது என்று மறுபடி தேடுங்கள். அந்தக் கட்டத்துக்கு நான்கு துண்டுகளில் எதுவும் பொருந்தவில்லையானால், அதற்கும் முந்திய துண்டுதான் தடை, அதை எடுங்கள்.