வழக்குரை காதைக்கு ஒரு வினா வங்கி

இலக்கியப் பாடநூல் ஒன்றிலிருந்து குறுவினாக்களையும் கட்டுரை வினாக்களையும் முன்கூட்டியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் விடைக்குறிப்பும் மதிப்பெண் பகிர்வும் சேர்த்துத் தொகுத்து வைப்பதே வினா வங்கி எனப்படும். கல்லூரிகளின் தமிழ்ப் பாடத்திட்டங்களில் இடம்பெறும் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை எடுத்துக்கொண்டால், இப்பணி எங்கே எளிதாகவும் எங்கே கடினமாகவும் இருக்கிறது என்பது தெளிவாகும்.

வினா எழுதுபவர் முதலில் செய்ய வேண்டியது எல்லை வகுத்தல். முப்பது காதைகளுள் வழக்குரை காதை இருபதாவது. அரசி கண்ட தீக்கனவில் தொடங்கி, அரசனும் அவனைத் தொடர்ந்து அரசியும் வீழ்வதோடு அது முடிகிறது. மதுரை எரிவது அடுத்துவரும் வஞ்சின மாலையில் தொடங்குவதாகும். ஆயினும் கதை அனைவருக்கும் தெரிந்தது என்பதால், மதுரையைக் கண்ணகி ஏன் எரித்தாள் என்ற வினா இக்காதைக்குரிய வங்கியில் எளிதில் நுழைந்துவிடுகிறது. ஒவ்வொரு வினாவுக்கு எதிரிலும் அதன் விடை அமைந்துள்ள அடிகளின் எண்ணைக் குறிக்கும் வழக்கம் இருந்தால், அடி எண் கிடைக்காத வினா பாடத்துக்குப் புறம்பானது என்பது உடனே தெரிந்துவிடும்.

இரண்டு மதிப்பெண் குறுவினாவுக்கு இன்றியமையாத பண்பு, பாடத்தைப் படித்த எவரும் ஒரே விடையை எழுதுமாறு அது அமைந்திருப்பது. சிலம்பின் உள்ளே இருந்த பரல் எது என்ற வினா பார்வைக்குக் குற்றமற்றதாகத் தோன்றினாலும், கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம், அரசியின் சிலம்பில் இருந்தது முத்து என்பதால் அதற்கு இரு விடைகள் உண்டு. அவ்வேறுபாட்டின் மீதே வழக்கு முழுவதும் நிற்கிறது என்பதால், இவ்வினாவைத் தெளிவின்றி விடுவது பாடத்தின் உயிர்நிலையையே மறைத்துவிடும். அரசியின் சிலம்பில் இருந்த பரல் எதுவென அரசன் கூறினான் என்று மாற்றினால் விடை ஒன்றாகிவிடும். தன் ஊரின் பெருமையை உரைக்கும் கண்ணகி சுட்டும் சோழர் இருவரின் செயல்கள் யாவை என்ற வினாவோ இயல்பாகவே இரு கூறாகப் பிரிவது: புறாவின் துயர் தீர்த்தவனுக்கு ஒரு மதிப்பெண், கன்றை இழந்த பசுவுக்காக மகனைத் தேர்க்காலில் இட்டவனுக்கு ஒரு மதிப்பெண்.

கட்டுரை வினாவில்தான் பெரும்பாலான வங்கிகள் தளர்ந்துபோகின்றன. வழக்குரை காதையின் சிறப்புகளை விவரி என்ற வினாவுக்குப் பாடத்தைத் திறக்காமலே, சந்தையில் கிடைக்கும் துணைநூலின் பத்திகளை ஒப்பித்து எழுதிவிடலாம். மாணவர் ஒரு பக்கம் சார்ந்து நின்று பாடத்திலிருந்து சான்று காட்டியே தீர வேண்டிய கருத்து ஒன்று வினாவுக்குள் இருக்க வேண்டும். சிலம்பு உடைவதற்கு முன்பே பாண்டியனின் வீழ்ச்சி தொடங்கிவிட்டது என்னும் கருத்தை ஆராய்க என்பதை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். குடையும் கோலும் வீழ்வதாக அரசி கண்ட கனவும், கொற்றவையும் காளியும் அல்லள் என்று மறுத்து மறுத்துக் கண்ணகியின் சினத்தை வாயிற்காவலன் அறிவிக்கும் முறையும் இக்கருத்துக்குத் துணை நிற்பவை. கள்வனைக் கொல்லுதல் முறையே என்று அரசன் உறுதியாகச் சொல்வதும், தயங்காமல் சிலம்பைக் கொணரச் செய்வதும் இதற்கு எதிரானவை; தெறித்த மணியைக் கண்ட பின்னரே அவன் தன்னைக் கள்வன் என்கிறான்.

பத்து மதிப்பெண்ணில் நிகழ்ச்சிச் சான்றுகளுக்கு ஐந்து, இரு பக்கத்தையும் எடைபோட்டு முடிவுக்கு வருவதற்கு நான்கு, நடைக்கு ஒன்று எனப் பகிர்ந்தால், கதையை மட்டும் திருப்பிச் சொல்லும் விடை ஆறு மதிப்பெண்ணைத் தாண்டாது. எந்த முடிவுக்கு வந்தாலும் காரணம் காட்டியவருக்கு உரிய மதிப்பெண் உண்டு என்பதை விடைக்குறிப்பிலேயே எழுதிவிட வேண்டும். இல்லையெனில் திருத்துபவர் தம் முடிவோடு ஒத்த விடைகளுக்கே முழு மதிப்பெண் அளிக்க நேரும்.

உரை வேறுபாடு பற்றிய வினா எழுத விரும்புவோர் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அடியார்க்குநல்லார் உரை இக்காதைக்கு முந்தைய ஊர்சூழ் வரியோடு நின்றுவிடுகிறது. ஆகவே இங்கே அவர் உரையைக் கேட்கும் வினா விடையற்ற வினாவாகும்; உரை பற்றிய வினாக்கள் அரும்பதவுரை, ந.மு. வேங்கடசாமி நாட்டார் உரை போன்றவற்றையே சார்ந்திருக்க வேண்டும்.

வங்கியிலிருந்து ஒரு வினாத்தாளை உருவாக்கும்போது, ஒரு வினாவின் சொற்கள் மற்றொன்றின் விடையைச் சொல்லிவிடுகின்றனவா என்று பார்ப்பது தேவை. மாணிக்கப் பரல் தெறித்த காட்சியை விளக்குக என்று கட்டுரைப் பகுதியில் கேட்டுவிட்டு, கண்ணகியின் சிலம்பில் இருந்த பரல் எது என்று குறுவினாப் பகுதியில் கேட்பதில் பயனில்லை. இவ்விரண்டும் ஒரே தாளில் வரக்கூடாது என்ற குறிப்பை இரண்டு வினாக்களுக்கும் எதிரே எழுதி வைக்க வேண்டும். தேர்வு முடிந்தபின் விடைத்தாள்களில் ஒரு கட்டுரை வினாவுக்குப் பெரும்பாலோர் ஒரே பத்தியை ஒரே சொற்களில் எழுதியிருந்தால், அவ்வினா துணைநூலில் ஏறிவிட்டது என்றே கொண்டு அதை நீக்கி, அதே அடிகளிலிருந்து வேறு வினா எழுதிச் சேர்க்க வேண்டும்.