வைஃபைக்கு என்ன பெயர்?

உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கைப்பேசியின் வைஃபை பட்டியலைப் பாருங்கள். Kumar_F2 என்பது போல ஒன்று கண்ணில் படும். குடியிருப்பவர் பெயரும் வீட்டு எண்ணும் வாசலில் நிற்கும் அந்நியருக்குக் கிடைத்துவிட்டன.

கடவுச்சொல் இருக்கிறதே என்பீர்கள். அது உள்ளே நுழைவதைத்தான் தடுக்கும். பெயரையோ, ரூட்டர் வழக்கமாக நொடிக்குப் பத்து முறை, பூட்டு ஏதுமின்றி, தெருவரை அறிவிக்கிறது. மறைத்து வைத்தாலும் பெரிய பயனில்லை. உங்கள் கைப்பேசியே போகுமிடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லித் தேடக்கூடும்.

ஆகவே ஆளையும் வீட்டையும் காட்டாத, பக்கத்து வீட்டுப் பெயரோடு குழம்பாத ஒன்றை வையுங்கள். Semparuthi நல்ல பெயர். தமிழிலேயே எழுதலாமா? பெரும்பாலான ரூட்டர்கள் ஏற்கும். ஆனால் இடம் 32 பைட்தான். தமிழில் எழுத்துக்கும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியே மூன்று பைட் போகும். 'செம்பருத்தி' 33 ஆகிவிடுகிறது, ஒரு பைட் அதிகம்! 'மல்லிகை' 21தான், தாராளமாக அடங்கும்.

ரூட்டர் அமைப்பில் SSID என்ற இடத்தில் மாற்றிச் சேமியுங்கள். உடனே டிவி, கேமரா எல்லாம் இணைப்பை இழக்கும். பதற வேண்டாம், ஒவ்வொன்றிலும் புதுப் பெயரைத் தேர்ந்தெடுத்து, பழைய கடவுச்சொல்லையே கொடுத்தால் போதும்.